கஸ்டமர் கேர் மூன்று முறை புகாரை மூடிவிட்டது. நோடல் ஆபீசர் யார், எப்படிப் பிடிப்பது?

கூடல்நகர் | 2 ஆகஸ்ட் 2025, காலை 10:14

மதுரை வீட்டில் ஃபைபர் நெட் வைத்திருந்தேன். மாதம் 799, ஜிஎஸ்டியோடு 942.82. பெங்களூருக்கு மாறுவதால் மே 28 அன்று ஆப்பில் சரண்டர் போட்டேன். ஜூன் 3 அன்று ஆள் வந்து ரவுட்டரை வாங்கிக்கொண்டு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதன்பிறகும் ஜூன் பில், ஜூலை பில் இரண்டும் வந்துவிட்டன. மொத்தம் 1885.64. வசூல் ஏஜென்சியிலிருந்து போன் வேறு.

புகார் மூன்று:
ஜூன் 9 போட்டது, 12-இல் மூடினார்கள்.
ஜூலை 2 போட்டது, 5-இல் மூடினார்கள்.
ஜூலை 21 போட்டது, 24-இல் மூடினார்கள்.
மூன்றுக்கும் ஒரே எஸ்எம்எஸ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." பில் அப்படியேதான் இருக்கிறது.

இனி நோடல் ஆபீசர்தான் என்று கேள்வி. கம்பெனி தளத்தில் தேடினால் அந்தப் பெயரில் யாருமே இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார்களா?

ஈரோட்டு மஞ்சள் | 2 ஆகஸ்ட், 10:31

அதெல்லாம் சுத்தி வளைக்கிற வேலை தம்பி. டெலிகாம் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையம் டிராய் இருக்குல்ல, நேரா அதுக்கு ஒரு மெயில் தட்டுங்க. அடுத்த நாளே மேனேஜர் லைன்ல வருவான்.

காரைக்குடி செல்வி | 2 ஆகஸ்ட், 11:02

நோடல் ஆபீசர் கண்டிப்பா இருப்பாங்க. எனக்கு கிரெடிட் கார்டுல வாங்காத இன்சூரன்ஸுக்குப் பிடிச்ச காசு, நோடலுக்கு எழுதினப்புறம்தான் வந்துச்சு. 30 நாள் பொறுமையா இருங்க, அவங்க பதில் போடலைன்னா மேல போகலாம். அதுக்கு முன்னாடி போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

தபால்பெட்டி எண் 9 | 2 ஆகஸ்ட், 12:20

செல்வி மேடம் சொல்வது வங்கிக்கு முழுக்கச் சரி. இவருக்கு அப்படியே செய்தால் ஆபத்து. இரண்டிலும் "30 நாள்" வருகிறது, ஆனால் அர்த்தம் நேர் எதிர்.

வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் பிடிக்கவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே 30 நாள் என்பது நீங்கள் காத்திருக்க வேண்டிய காலம். டெலிகாமில் 30 நாள் என்பது நீங்கள் மேல்முறையீடு போட்டு முடித்திருக்க வேண்டிய கெடு. பொறுமையாக உட்கார்ந்தால் கதவு சாத்திவிடும்.

நோடல் ஆபீசரை யாரும் ஒளிக்கவில்லை. 2012 வரை டெலிகாமில் மூன்று படி இருந்தது: கால் சென்டர், நோடல், மேல்முறையீடு. 2012 ஜனவரியில் டிராய் கொண்டுவந்த நுகர்வோர் புகார் தீர்வு விதிமுறையில் நடுப்படியை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டே படி. கீழே புகார் மையம். மேலே அப்பல்லேட் அத்தாரிட்டி, அதாவது மேல்முறையீட்டு அதிகாரி. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நோடலைத் தேடுபவர்கள் இன்னும் உண்டு. தேடலில் அந்தப் பெயரோடு வரும் போன் நம்பர்கள் பலதும் மோசடி. கூப்பிட்டால் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்வான்.

மஞ்சள், டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அனுப்பினால் கம்பெனிக்கே தள்ளிவிடுவார்கள். அது கம்பெனியில் மேல்முறையீடாகப் பதிவாகாது. உங்கள் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஈரோட்டு மஞ்சள் | 2 ஆகஸ்ட், 12:26

தள்ளிவிட்டா என்ன, கம்பெனிக்காரன் டிராய் பேரைப் பார்த்ததும் அலறுவான்ல. அலறுறதுதான் பாயிண்டு.

தபால்பெட்டி எண் 9 | 2 ஆகஸ்ட், 12:41

சில சமயம் அலறுவார்கள், மறுப்பதற்கில்லை. அலறாவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கூடல்நகர், முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த மூன்று எண்களும் டாக்கெட் நம்பரா, சர்வீஸ் ரிக்வெஸ்ட் நம்பரா? ஆப் சாட்டில் பேசினால் பெரும்பாலும் "கோரிக்கை" என்றுதான் பதிவாகும். கோரிக்கைக்கு மேல்முறையீடு கிடையாது, புகாருக்குத்தான் உண்டு. புகார் என்றால் டாக்கெட் நம்பர், பதிவான தேதி, எதற்குள் தீர்ப்பார்கள் என்ற கெடு இவை எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

கூடல்நகர் | 2 ஆகஸ்ட், 13:15

முதல் இரண்டும் ஆப் சாட். "ரிக்வெஸ்ட் பதிவானது" என்று இருக்கிறது. மூன்றாவது போனில் சொன்னது. அதில்தான் "கம்ப்ளைன்ட்" என்ற வார்த்தையும் டாக்கெட் என்று ஒரு எண்ணும் இருக்கிறது.

தபால்பெட்டி எண் 9 | 2 ஆகஸ்ட், 13:52

அப்படியென்றால் மூன்றாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் பின்னணியாக ஒரு வரியில் சொன்னால் போதும்.

கெடுவை எப்படி எண்ணுவது: விதியில் 30 நாள் என்பது புகாரைத் தீர்க்கக் கொடுத்த காலம் முடிந்ததிலிருந்து. பில் தகராறுக்கு அந்தக் காலமே வாரக்கணக்கில் இருக்கும். ஆனால் அவர்கள் முன்கூட்டியே மூடிவிட்டதால், மூடிய ஜூலை 24-இலிருந்தே எண்ணுங்கள். ஆகஸ்ட் 23-க்குள் போட்டுவிட்டால் எந்தக் கணக்குப்படியும் தாமதம் என்று சொல்ல முடியாது. 30 நாள் தவறினாலும் மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று விதி சொல்கிறது. "ஏற்கலாம்"தான், "ஏற்க வேண்டும்" அல்ல. அதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: இனி நான்காவது முறை கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுப் புதுப் புகார் போடாதீர்கள். ஒவ்வொரு புதுப் புகாரும் புது ஆள் கையில் போகிறது. அவர் திரையைப் பார்க்கிறார், கணக்கு "ஆக்டிவ்" என்று இருக்கிறது, ஆக்டிவ் கணக்குக்கு பில் சரிதான் என்று மூடுகிறார். அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது தீர்க்கப்பட்டதுதான்.

மெக்கானிக் பாய் | 2 ஆகஸ்ட், 15:37

ஆக்டிவ்னு ஏன் காட்டுதுன்னு நான் சொல்றேன். ஃபைபர் லைன் வேலைதான் பார்க்கிறேன். சரண்டர் போட்டா உடனே கணக்கு மூடாது பாஸ். ரவுட்டர் திரும்பி வந்து ஸ்டோர்ல அதோட சீரியல் நம்பரை ஏத்தினாத்தான் மூடும். பிக்கப் பையன் நாலு வீட்டு டப்பாவை ஒரே பையில போட்டுக் கொண்டாருவான். ஒண்ணோட நம்பர் உங்க கணக்கோட ஒத்துப்போகலைன்னா சரண்டர் ஆர்டர் அப்படியே "பெண்டிங்". பில்லிங் பக்கத்துக்கு இந்த பெண்டிங் கண்ணுலயே படாது, அது பாட்டுக்கு மாசா மாசம் பில் அடிக்கும்.

அந்தத் துண்டுச்சீட்டுல சீரியல் நம்பர் எழுதியிருக்கானா?

கூடல்நகர் | 2 ஆகஸ்ட், 16:05

"ரவுட்டர் 1, அடாப்டர் 1, பெற்றுக்கொண்டேன்", கையெழுத்து, தேதி. சீரியல் நம்பர் இல்லை.

மெக்கானிக் பாய் | 2 ஆகஸ்ட், 16:11

எழுத மாட்டானுங்க. கனெக்‌ஷன் போட்ட அன்னைக்குக் கொடுத்த இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்ல இருக்கும். இல்லைன்னா ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டி ஸ்டிக்கர்ல. வீடு மாறும்போது பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?

கூடல்நகர் | 2 ஆகஸ்ட், 21:48

பெட்டி போய்விட்டது. ரிப்போர்ட் மெயிலில் கிடைத்தது, சீரியல் நம்பரோடு. நன்றி பாய்.

அந்த மேல்முறையீட்டு அதிகாரியின் முகவரி எங்கே கிடைக்கும்? பில்லின் பின்பக்கம் ஒரு மெயில் இருக்கிறது, ஆனால் கர்நாடகா என்று போட்டிருக்கிறது. ஆப்பில் முகவரியை பெங்களூருக்கு மாற்றியதாலா?

தபால்பெட்டி எண் 9 | 3 ஆகஸ்ட், 07:30

அதனால்தான் இருக்கும். அந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். மேல்முறையீட்டு அதிகாரி சர்க்கிள் வாரியாக இருப்பார். கனெக்‌ஷன் மதுரையில் இருந்ததால் உங்களுக்குத் தமிழ்நாடு சர்க்கிள்தான். நீங்கள் இப்போது எங்கே குடியிருந்தாலும் சரி. மாற்றி அனுப்பினால் "எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வரும்.

முகவரியை tccms.trai.gov.in தளத்தில் கம்பெனி, மாநிலம் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கம்பெனி தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே மெயிலில் அனுப்பிவிடுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. தபாலிலும் போடலாம், நேரிலும் கொடுக்கலாம். மெயில்தான் தேதிக்கு நல்ல சாட்சி.

மனுவை யார் படிக்கிறார்கள் என்பது தெரிந்தால் எழுதுவது சுலபம். அதிகாரி கம்பெனி ஆள்தான். ஆனால் அவர் முடிவெடுப்பதற்கு முன் இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழுவிடம் கோப்பு போகும். ஒருவர் கம்பெனி சார்பில், மற்றவர் டிராயில் பதிவு செய்த நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். அந்த வெளியாளுக்குக் கம்பெனியின் கணினித் திரை தெரியாது. உங்கள் மெயிலும் கம்பெனியின் பதிலும் மட்டுமே அவர் முன்னால் இருக்கும். அவர் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வது போல எழுதுங்கள். கோபம், "பல வருட வாடிக்கையாளர்", "மன உளைச்சல்" எல்லாம் வேண்டாம். எது எந்தத் தேதியில் நடந்தது, அதற்கு எந்த இணைப்பு, என்ன வேண்டும், இவ்வளவுதான்.

இப்படி:

> பொருள்: மேல்முறையீடு. டாக்கெட் எண் ____, பதிவு 21.07.2025, மூடியது 24.07.2025. கணக்கு எண் ____.
>
> 28.05.2025 சரண்டர் கோரிக்கை (இணைப்பு 1). 03.06.2025 ரவுட்டர் ஒப்படைப்பு, சீரியல் எண் ____ (இணைப்பு 2, 3). அதன்பிறகும் ஜூன், ஜூலை பில்கள், மொத்தம் ரூ. 1885.64 (இணைப்பு 4, 5). புகார் காரணம் சொல்லாமல் மூடப்பட்டது (இணைப்பு 6).
>
> கோருவது: (அ) 28.05.2025 முதல் கணக்கை மூடி இரு பில்களையும் ரத்து செய்தல். (ஆ) வசூல் ஏஜென்சியிடமிருந்து கணக்கைத் திரும்பப் பெறுதல். (இ) கடன் தகவல் நிறுவனத்துக்கு நிலுவை என்று அனுப்பியிருந்தால் திருத்துதல். (ஈ) பாக்கி இல்லை என்ற கடிதம்.

(ஆ), (இ) இரண்டையும் கேட்காவிட்டால் தரமாட்டார்கள். பில்லை ரத்து செய்வது ஒரு துறை, வசூலை நிறுத்துவது இன்னொரு துறை. பில் பூஜ்யமான பிறகும் ஏஜென்சி பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கூப்பிடுவது சகஜம்.

இணைப்புகளை ஒரே பிடிஎஃப் ஆக்கிப் பக்க எண் போடுங்கள். தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் குழுவுக்குப் போகும்போது பாதி காணாமல் போகும்.

வக்கீல் வீட்டு மாப்பிள்ளை | 3 ஆகஸ்ட், 09:10

இவ்வளவு மெனக்கெட்டும் அவர் கம்பெனி ஆள்தானே. அவர் தள்ளுபடி செய்தால் வழியே இல்லை. டெலிகாம் வழக்கு நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது, தந்திச் சட்டம் 7பி பிரிவுப்படி ஆர்பிட்ரேஷன்தான். மாமனார் சொல்வார்.

தபால்பெட்டி எண் 9 | 3 ஆகஸ்ட், 09:45

மாமனார் சொன்னது 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே 7பி இருந்தாலும் நுகர்வோர் ஆணையம் தனியார் டெலிகாம் புகாரை விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது. மாவட்ட ஆணையத்தில் செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அங்கே போவதற்கு மேல்முறையீட்டை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் 1885 ரூபாய்க்கு ஆணையத்துக்கு அலைவதா? மேல்முறையீடு உட்கார்ந்த இடத்திலேயே முடிகிறது. தோற்றாலும் கம்பெனி தன் காரணத்தை எழுத்தில் கொடுத்திருக்கும். அந்தக் காகிதத்தோடு pgportal.gov.in-இல் தொலைத்தொடர்புத் துறைக்குப் போடலாம். அங்கே முதலில் கேட்பதே டாக்கெட் நம்பரும் மேல்முறையீட்டு விவரமும்தான்.

வக்கீல் வீட்டு மாப்பிள்ளை | 3 ஆகஸ்ட், 09:58

2022 ஆ. இன்று மதியச் சாப்பாட்டில் சொல்லிப் பார்க்கிறேன். சாம்பார் ஊற்றுவாரா என்று தெரியவில்லை.

காரைக்குடி செல்வி | 3 ஆகஸ்ட், 10:20

எனக்கு ஒரு சந்தேகம். வங்கியில நோடலுக்கு எழுதியே ஆகணுமா? கிளைக்கு எழுதி 30 நாள், நோடலுக்கு எழுதி இன்னொரு 30 நாள்னு காத்திருந்தேன்.

தபால்பெட்டி எண் 9 | 3 ஆகஸ்ட், 10:44

கட்டாயம் இல்லை. வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாள் ஆனால் போதும், cms.rbi.org.in-இல் பதியலாம். நோடலுக்கு எழுதுவதில் ஒரு லாபம் உண்டு: கிளையில் அதிகாரம் இல்லாதவர் உட்கார்ந்திருந்தால் அங்கே முடியாதது இங்கே முடியும். கிளைக்கு எழுதும்போதே நோடலுக்கும் நகல் போட்டுவிட்டால் ஒரே 30 நாளில் இரண்டும் ஓடும்.

கூடல்நகர் | 4 ஆகஸ்ட், 22:30

அனுப்பிவிட்டேன். உடனே ஒரு தானியங்கி பதில், எஸ்ஆர் என்று ஆரம்பிக்கும் எண்ணோடு. இதுதான் மேல்முறையீட்டு எண்ணா?

இன்னொன்று. ஏஜென்சிக்காரர் இன்று "கட்டிட்டு அப்புறம் பேசுங்க சார், சிபில் போயிரும்" என்கிறார். கட்டிவிடவா?

தபால்பெட்டி எண் 9 | 5 ஆகஸ்ட், 06:50

அது மேல்முறையீட்டு எண் இல்லை. அந்த முகவரிக்கு என்ன மெயில் வந்தாலும் போகும் பதில் அது. மேல்முறையீட்டுக்குத் தனி எண் மூன்று நாளில் தர வேண்டும். வராவிட்டால் அதே மெயில் தொடரில் "மேல்முறையீட்டு எண் தரவும்" என்று ஒரே வரி எழுதுங்கள். கஸ்டமர் கேரிலும் மேல்முறையீட்டைப் பதியச் சொல்லலாம். "புதுப் புகாராகப் போடட்டுமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கட்டக்கூடாது என்பது என் கருத்து. மூடிய கனெக்‌ஷன். துண்டிக்கப்பட இனி எதுவும் இல்லை. கட்டினால் "வாடிக்கையாளர் பில்லை ஏற்றுக்கொண்டார்" என்று பதிலில் எழுதுவார்கள்.

ஈரோட்டு மஞ்சள் | 5 ஆகஸ்ட், 08:12

இதுல நான் ஒத்துக்க மாட்டேன் சார். அவர் பெங்களூர்ல வீட்டு லோனுக்கு அலையறவரா இருந்தா? 1885 ரூபாய்க்காக சிபில்ல கறை படிஞ்சா லோன் வட்டியில பத்து மடங்கு போயிரும். "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்"னு மெயில் போட்டுட்டு கட்டலாமே. ஜெயிச்சா திரும்பி வருது.

தபால்பெட்டி எண் 9 | 5 ஆகஸ்ட், 08:30

லோன் விண்ணப்பம் கையில் இருந்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடிய கணக்கில் கட்டிய பணத்தை வாங்குவது தனி மல்யுத்தம். அடுத்த பில்லில் கழிக்க அடுத்த பில் ஏது?

மெக்கானிக் பாய் | 5 ஆகஸ்ட், 08:47

மொபைல் போஸ்ட்பெய்டுன்னா கட்டித்தான் ஆகணும், இல்லைன்னா அவுட்கோயிங்கை வெட்டிருவான். இது செத்த லைன். என் ஓட்டு தபால்பெட்டி சாருக்கு.

கூடல்நகர் | 7 ஆகஸ்ட், 19:05

லோன் எதுவும் இல்லை, கட்டவில்லை. மேல்முறையீட்டு எண் இன்று வந்தது. எவ்வளவு நாள் ஆகும்?

தபால்பெட்டி எண் 9 | 7 ஆகஸ்ட், 19:40

மொத்தம் 39 நாள். கம்பெனியின் பதில், குழுவின் கருத்து, அதிகாரியின் முடிவு எல்லாம் அதற்குள். நீங்கள் அனுப்பிய 4-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 12.

நடுவில் ஒரு போன் வரும். "சார், பாதி கழிச்சுத் தர்றோம், மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?" என்று. கழிப்பது நல்லதே, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் மெயிலில் எழுதிக் கொடுத்த பிறகு பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். போனில் "சரி" என்றால் "வாடிக்கையாளர் திருப்தி" என்று கோப்பு மூடிவிடும்.

கூடல்நகர் | 22 ஆகஸ்ட், 13:20

போன் வந்தது. வரிக்கு வரி நீங்கள் சொன்ன வசனம். மெயில் கேட்டேன், வரவில்லை.

நெல்லைச் சீமை | 30 ஆகஸ்ட், 11:11

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கனெக்‌ஷன் எங்கள் தெரு கேபிள்காரர் வழியாக வந்தது. அவரிடம் நோட்டில் எழுதிக் கொடுத்த புகாரை வைத்து மேல்முறையீடு போடலாமா?

மெக்கானிக் பாய் | 30 ஆகஸ்ட், 11:30

பில்லுல யாரு பேரு, யாரு ஜிஎஸ்டி நம்பர்னு பாருங்க. பெரிய கம்பெனி பேர் இருந்தா அவங்க கால் சென்டர்ல டாக்கெட் வாங்கினாத்தான் கணக்கு. கேபிள்காரர் நோட்டு கம்பெனி கண்ணுக்கு வெறும் நோட்டுதான். பில்லே இல்லாம கையில காசு கொடுக்குறீங்கன்னா, முதல்ல பில்லு கேளுங்க.

கூடல்நகர் | 11 செப்டம்பர், 18:22

முடிவு வந்துவிட்டது. ஜூலை பில் முழுக்க ரத்து. ஜூன் பில்லில் ரவுட்டர் ஒப்படைத்த 3-ஆம் தேதி வரை மூன்று நாளுக்கு மட்டும் வாடகை: 79.90, ஜிஎஸ்டியோடு 94.28. அதைக் கட்டினால் கணக்கு முடியும். ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெற்றுவிட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். சீரியல் நம்பர் ஒத்துப்போகாததுதான் காரணமாம். பாய் சொன்னதேதான்.

ஆனால் நான் சரண்டர் கேட்டது மே 28. இந்த 94.28 நியாயமா?

ஈரோட்டு மஞ்சள் | 11 செப்டம்பர், 18:29

கொடுத்துட்டு ஒரு மசால் தோசை சாப்பிடுங்க தம்பி.

வக்கீல் வீட்டு மாப்பிள்ளை | 11 செப்டம்பர், 18:50

கொள்கைப்படி தவறு. கோரிக்கை கொடுத்த தேதிதான் முக்கியம், அவர்கள் ஆள் அனுப்பத் தாமதித்ததற்கு இவர் ஏன் கட்ட வேண்டும்? மாமனாரும் இதையே சொல்கிறார். (2022 தீர்ப்பைப் பற்றி இன்னும் பேசவில்லை.)

தபால்பெட்டி எண் 9 | 11 செப்டம்பர், 19:15

மாப்பிள்ளை சொல்வதில் பலம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கருவி திரும்பிய தேதியில்தான் கணக்கு மூடும் என்று இருந்தால் கம்பெனி பக்கமும் பேச இடம் உண்டு. எனக்கே இதில் இரண்டு மனம். pgportal-இல் போட்டுப் பார்க்கலாம், செலவில்லை.

எப்படியானாலும் (ஈ) விடுபட்டிருக்கிறது, கவனித்தீர்களா? கட்டினால் ரசீதோடு அதே மெயில் தொடரில் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கேளுங்கள். கணக்கு எண், மூடிய தேதி, நிலுவை பூஜ்யம் மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். "நன்றி, உங்கள் கட்டணம் பெறப்பட்டது" என்ற எஸ்எம்எஸ் அதற்கு ஈடாகாது.

கூடல்நகர் | 19 செப்டம்பர், 20:40

94.28 கட்டினேன். கடிதம் இரண்டாம் முறை கேட்டபோது வந்தது. மூடிய தேதி 03.07.2025 என்று போட்டிருக்கிறார்கள். ஜூன் ஜூலை ஆகிவிட்டது. திருத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன்.